கார்ட்டல் கணக்கில் எனக்கு 0.9 வருகிறது, விடைத்தாளில் 9/17 இருக்கிறது: பிழை எங்கே?

தேர்வுக்கால அரசி:
வணக்கம். நாளை மறுநாள் தேர்வு என்பதால் அவசரமாகக் கேட்கிறேன். இரண்டு நிறுவனங்கள்; சந்தையின் தேவை P = 130 − Q; ஓர் அலகின் உற்பத்திச் செலவு 10. இருவரும் கூடிப் பேசி ஏகபோக லாபத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருவர் ஒரு முறை மீறினாலும் மற்றவர் அதன்பின் ஒருபோதும் ஒத்துழைக்க மாட்டார். இந்தக் கூட்டு நிலைக்கக் கழிவுக் காரணி δ குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும்? எனக்கு 0.9 வருகிறது. விடைத்தாளில் 9/17, அதாவது ஏறத்தாழ 0.53 என்று இருக்கிறது. மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன். அச்சுப்பிழையாக இருக்குமோ?

வட்டிக்கடை ராகவன்:
உங்கள் விடையே சரி என்று தோன்றுகிறது. ஆண்டு வட்டி 10% என்றால் அடுத்த ஆண்டின் ஒரு ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 1/1.1, அதாவது சுமார் 0.91. 0.53 என்றால் வட்டி 89% ஆகிவிடும். அப்படி எந்த ஊரில் கடன் கொடுக்கிறார்கள்?

நெய்தல்:
நிறுவனங்கள் விலையை அறிவிக்கின்றனவா, உற்பத்தி அளவைத் தீர்மானிக்கின்றனவா என்பதை நீங்கள் எழுதவில்லை. ஆட்டம் எத்தனை ஆண்டு நடக்கிறது என்பதும் இல்லை. கடைசி ஆண்டு எது என்று இருவருக்கும் தெரிந்திருந்தால், அந்த ஆண்டில் இருவரும் மீறுவார்கள். அது தெரிந்திருப்பதால் அதற்கு முந்தைய ஆண்டிலும் மீறுவார்கள். இப்படியே முதல் ஆண்டுவரை பிரிந்துகொண்டே வரும். அப்போது எந்த δ கொண்டும் கூட்டைக் காப்பாற்ற முடியாது.

பழையவர் சபா:
வாரம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார், ஒவ்வொருவரும் பாதிக் கேள்வியைத்தான் எழுதுகிறார். வினாத்தாளில் உள்ளதை அப்படியே படியெடுக்கப் பொறுமை இல்லாதவர்கள் எல்லையற்ற தொடரைக் கூட்டப் புறப்படுவது எனக்கு வியப்பாக இருக்கிறது.

தேர்வுக்கால அரசி:
மன்னிக்கவும், வெளிப்படையானது என்று நினைத்து விட்டுவிட்டேன். உற்பத்தி அளவைத் தீர்மானிக்கும் கூர்னோ ஆட்டம், முடிவில்லாமல் தொடர்கிறது. கூட்டில் ஆளுக்கு 1800. மீறுபவருக்கு 3600. தண்டனைக் காலத்தில் ஆளுக்கு 1600.

தென்றல்:
அந்த 3600-இல்தான் பிழை. உங்கள் விடை 0.9 என்பதைப் பார்த்தபோதே இதைச் சந்தேகித்தேன், ஏனெனில் (3600 − 1800) / (3600 − 1600) சரியாக 0.9 ஆகிறது. மீறும்போது சந்தை முழுவதையும் பிடித்துவிடலாம் என்பது விலைப்போட்டியில், அதாவது பெர்ட்ராண்ட் ஆட்டத்தில், நடப்பது. அங்கே போட்டியாளரைவிட ஒரு பைசா குறைத்தால் வாடிக்கையாளர் அனைவரும் உங்களிடம் வந்துவிடுவார்கள். தண்டனைக்கான 1600-ஐ நீங்கள் கூர்னோவிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். இரண்டு ஆட்டங்களின் எண்கள் ஒரே கணக்கில் கலந்துவிட்டன.

கூர்னோவில் மற்றவர் தம் 30 அலகைச் சந்தைக்கு அனுப்பிவிட்டார். நீங்கள் மீறினாலும் அது திரும்பிப் போகாது. மீதமுள்ள தேவையில் உங்களுக்கு மிகுந்த லாபம் தரும் அளவு (120 − 30)/2 = 45. மொத்தம் 75 அலகு, விலை 55, அலகுக்கு 45 லாபம், ஆகவே 2025. மீறுவதால் இன்று கூடுதலாகக் கிடைப்பது வெறும் 225. அதன்பின் ஒவ்வொரு காலத்திலும் 1800-க்குப் பதில் 1600, அதாவது 200 இழப்பு.

```
225 ≤ 200·δ/(1−δ)
225 ≤ 425·δ
δ ≥ 225/425 = 9/17
```

முழுக்க விலைப்போட்டியாகவே எடுத்திருந்தால் தண்டனைக் கால லாபம் பூஜ்யம்; அப்போது 1800/3600, அதாவது 1/2 வந்திருக்கும். அங்கே மீறலின் ஆசையும் பெரிது, தண்டனையும் பெரிது, ஆகையால் விடை அதிகம் மாறுவதில்லை.

ராகவன் ஐயா, வட்டியிலிருந்து δ எடுக்கும் உங்கள் முறை சரி. ஆனால் நீங்கள் கண்டது நிறுவனத்திடம் இருக்கும் δ. கேள்வி கேட்பது தாண்ட வேண்டிய வரம்பை. 0.91 என்பது 0.53-ஐ எளிதாகத் தாண்டுவதால் இந்தக் கூட்டு நிலைக்கும் என்பதே பொருள்.

கேன் தண்ணீர் முத்து:
எங்கள் பகுதியில் மூன்று பேர் கேன் விலையைப் பேசி வைத்துக்கொண்டோம். நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை. 89% வட்டியிலும் கூட்டு நிலைக்கும் என்கிறீர்களே, அப்படியானால் எங்களுடையது ஏன் உடைந்தது? ஒருவர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மறைவாகக் குறைத்துக் கொடுத்தது எங்களுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

தென்றல்:
அந்தத் தாமதமே முக்கியக் காரணமாக இருக்கலாம். அரசியின் எண்களையே வைத்துக்கொள்வோம். மீறல் ஒரு காலத்துக்குப் பதில் இரண்டு காலம் மறைந்திருந்தால், மீறுபவர் 225-ஐ இருமுறை பெறுகிறார், தண்டனையும் ஒரு காலம் தள்ளிப்போகிறது. கணக்கு δ² ≥ 9/17 என்று மாறும், வரம்பு 0.53-இலிருந்து 0.73-க்கு ஏறிவிடும். உங்களிடம் மூன்று பேர் என்பதால் வரம்பு இன்னும் மேலே போகும். போதாக்குறைக்கு, குடியிருப்பு போன்ற ஒரே பெரிய ஆர்டர் வரும்போது அன்றைய ஆசையும் வழக்கத்தைவிடப் பெரிது.

உண்மையான கார்ட்டல்கள் இதை அறிந்தே நடந்துகொண்டன. 1992 முதல் 1995 வரை கால்நடைத் தீவனத்தில் சேர்க்கும் லைசின் விலையைக் கூடிப் பேசி உயர்த்திய ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் என்ற ஏ.டி.எம்., அஜினோமோட்டோ முதலிய நிறுவனங்கள், யார் எவ்வளவு விற்றார்கள் என்பதை மாதந்தோறும் திரட்டின. ஒதுக்கீட்டை மீறி விற்றவர் ஆண்டிறுதியில் குறைவாக விற்றவரிடம் வாங்கி ஈடுசெய்ய வேண்டும் என்றும் பேசிக்கொண்டார்கள். கண்காணிப்பு இருந்ததால் மறைவாக விற்பதில் லாபம் சுருங்கியது. அந்தக் கூட்டை உடைத்தது உள்ளிருந்தே எஃப்.பி.ஐ.-க்குத் தகவல் கொடுத்த ஏ.டி.எம். அதிகாரி; விலைச்சண்டை அன்று.

நெய்தல்:
என்றென்றைக்கும் தண்டனை என்பதையே என்னால் ஏற்க முடியவில்லை. மீறல் நடந்த மறுநாள் இருவரும் 1600-இல் உட்கார்ந்திருக்கிறார்கள். "நடந்தது நடந்துவிட்டது, மீண்டும் 1800-க்குப் போவோம்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் ஏன் மறுப்பார்? மன்னிப்பு கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் மிரட்டலுக்கு என்ன மதிப்பு?

பழையவர் சபா:
கூர்னோ அளவே நாஷ் சமநிலை. மற்றவர் 40 உற்பத்தி செய்யும்போது தனியாக விலகுவதால் யாருக்கும் லாபம் இல்லை. ஆகவே மிரட்டல் நம்பத்தக்கது. இது முதல் வகுப்புப் பாடம்.

நெய்தல்:
தனியாக விலகுவதைப் பற்றி நான் கேட்கவில்லை ஐயா, இருவரும் சேர்ந்து பேசி விலகுவதைக் கேட்கிறேன். கூடிப் பேசியே கார்ட்டல் அமைத்தவர்கள் தண்டனைக் காலத்தில் மட்டும் பேசாமல் இருப்பார்கள் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

தென்றல்:
சபா சொல்வது நாஷ் கணக்குக்குச் சரி; நெய்தல் கேட்பது வேறு கேள்வி. தண்டனை நீளமாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. மீறல் நடந்த மறு காலத்தில் மட்டும் இருவரும் ஆளுக்கு 50 அலகு கொட்டி விலையை 30-க்கு இறக்கட்டும். லாபம் 1000-ஆக விழும். அதைத் தாங்கியவர்கள் அடுத்த காலமே 1800-க்குத் திரும்பலாம். தாங்காமல் நழுவினால் அதே தண்டனை மறுபடியும். நழுவினால் கிடைப்பது 1225, கூடுதல் 225. இழப்பது மறு காலத்தின் 800. ஆகவே 225/800, அதாவது δ ஏறத்தாழ 0.28 இருந்தாலே போதும். குறுகிய தண்டனை, ஆனால் கடுமையானது. இதற்குமுன் பேசித் தப்பிக்க முடியாதா என்றால், அந்த ஒரு காலத்தையும் பேசித் தவிர்க்கலாம்தான். அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை.

பழையவர் சபா:
வினாத்தாளில் இல்லாததையெல்லாம் கொண்டுவந்து கேட்டவரைக் குழப்ப வேண்டாம்.

தேர்வுக்கால அரசி:
225/425 வந்துவிட்டது. அடுத்த பிரிவில் "மீறல் இரண்டு காலம் கழித்தே தெரியவரும்" என்றுதான் இருக்கிறது, அதற்கும் சேர்த்து நன்றி. 50 அலகுக் கணக்கைத் தேர்வு முடிந்தபின் படிக்கிறேன்.