அட்டைப்பெட்டி கிராமம்: ஜன்னலை விட சுவர்தான் ஒளிர்கிறது, உதவி

மலைமுகில் (ஹட்டன்)
அவசரம். நத்தார் குடில் பக்கத்தில் வைக்க ஏழு வீடு செய்தேன். விளக்கைப் போட்டால் சுவர் முழுக்க வெளிச்சம், மூலையெல்லாம் கோடு கோடாகத் தெரிகிறது. ஜன்னலில் ஒரு புள்ளி மட்டும் கண்ணைக் குத்துகிறது. என்ன செய்யலாம்?

பழையபெட்டி
என்ன பெட்டி, என்ன விளக்கு, உள்ளே என்ன பூசினீர்கள்? இதைச் சொல்லாமல் கேட்டால் யார் பதில் சொல்வது? வருஷா வருஷம் இதே கதை.

கொட்டகலைத் தம்பி
பற்றரி இறங்கியிருக்கும். இரண்டு பற்றரிச் சரத்துக்கு 3 வோல்ட் கிட்ட வேண்டும். புதுசு போட்டுப் பாருங்கள்.

மலைமுகில்
பிஸ்கட் பெட்டி, சவர்க்காரப் பெட்டி. பற்றரிச் சரம். உள்ளே ஒன்றும் பூசவில்லை.

டீச்சரம்மா (பண்டாரவளை)
பற்றரி இறங்கினால் சுவரும் சேர்ந்துதான் மங்கும் தம்பி. இங்கே அட்டைதான் மெல்லியது. முதலில் இருட்டறையில் போன் டார்ச்சை உள்ளே வைத்து, கசியும் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். உள்ளே கறுப்பு பூசுங்கள், காய்ந்ததும் மேலே வெள்ளை. கறுப்பு வெளிச்சத்தைத் தடுக்கும், வெள்ளை அதை அறைக்குள் பரப்பும். மூலைகளுக்குக் கறுப்புத் தாளை மடித்து உள்பக்கம் ஒட்டுங்கள்.

புள்ளி தெரிவது, பல்ப் ஜன்னலுக்கு நேரே இருப்பதால். அதைப் பின்சுவர் பக்கம் திருப்பி, ஜன்னலுக்கு உள்ளிருந்து ஒயில் பேப்பரை இரண்டு மடிப்பாக ஒட்டினால் ஜன்னல் முழுதும் ஒரே சீராக மஞ்சளாகும்.

கொட்டகலைத் தம்பி
தேயிலைப் பக்கட் வெள்ளித்தாள் ஒட்டினால் போதாதா டீச்சர்?

டீச்சரம்மா (பண்டாரவளை)
சுவருக்குப் போதும், மூலைக் கீறலுக்குப் போதாது. பற்றரிக் கூட்டின் தகடுகளில் அது பட்டுவிடாமல் பாருங்கள், ஷோர்ட் ஆகும்.

லயத்துப் பையன்
என் கிராமத்தில் கூரைக்கு நெளி அட்டையின் மேல்தாளை நனைத்து உரித்துவிட்டேன். உள்ளே இருக்கும் நெளிவு அப்படியே தகரக் கூரை மாதிரி. பஞ்சு போட்டுப் பனி காட்ட மாட்டேன், நம்மூரில் எங்கே பனி கொட்டுகிறது?

பழையபெட்டி
பெத்லகேம் குடிலுக்குப் பக்கத்தில் தகரக் கூரையா? பஞ்சுதான் முறை.

லயத்துப் பையன்
அங்கும் பஞ்சு கொட்டவில்லை அண்ணே. எங்கள் பிள்ளைகளுக்கு லயமும் தேயிலைச் செடியும்தான் ஊர்.

பழையபெட்டி
குடில் வேறு, ஊர் வேறு. கேள்வி வெளிச்சத்தைப் பற்றியது.

மலைமுகில்
மூன்று வீடு செய்துவிட்டேன், ஜன்னல் அழகாக வருகிறது. நன்றி டீச்சர். ஆனால் கறுப்பு பூசியதும் பிஸ்கட் பெட்டிச் சுவர் உள்பக்கமாக வளைகிறது. மிஸ்ட் வேறு, காயவே மாட்டேன் என்கிறது.

டீச்சரம்மா (பண்டாரவளை)
ஒரு பக்கம் மட்டும் ஈரமானால் வளையும். வெளியிலும் ஒரு பூச்சு கொடுத்து, அடுப்படிப் பக்கம் தள்ளி வைத்துக் காய விடுங்கள். ஏற்கனவே வளைந்தது நிமிருமா என்று சொல்ல முடியாது. நாளைக்கு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.