மகனோட வாட்ஸ்அப்பை அப்பா லேப்டாப்புல இணைக்கலாமா?

திருமங்கலம்_அப்பா: பத்தாவது படிக்கிற மகன், 15 வயசு. ராத்திரி பதினொரு மணிக்கு மேலயும் வாட்ஸ்அப்புலயே கிடக்கான். கிட்டப் போனா ஃபோனைக் கவுத்து வச்சுர்றான். அவன் அரட்டையை அவனுக்குத் தெரியாம என் லேப்டாப்புல பாக்க முடியுமா? பாக்கலாமா?

செல்லூர்_சர்வீஸ்: முடியும்ணே. ஆனா தெரியாமப் பாக்குறதுதான் நடக்காது. அவன் ஃபோன்ல Linked devices-க்குள்ள போய் உங்க லேப்டாப்பு க்யூ.ஆரை ஸ்கேன் பண்ணணும். லாக் போட்ட ஃபோன்னா அந்த இடத்துல கைரேகையோ பின்னோ கேக்கும். அதையும் தாண்டிட்டீங்கன்னு வைங்க, இணைச்ச கருவி அதே பக்கத்துல கடைசியா எப்ப ஓடுச்சுங்கிறதோட நிக்கும்.

அதை விடப் பெரிய சிக்கல் வேற. நீங்க லேப்டாப்புல ஒரு அரட்டையைத் திறந்ததுமே அவன் ஃபோன்ல 'படிக்காதது 6'ங்கிற எண் காணாமப் போயிரும். அனுப்புன பையனுக்கு நீல டிக் விழும். "பாத்துட்டு ஏன்டா பதில் போடல?"ன்னு அவன் கேட்ட உடனே உங்க மகனுக்குப் பொறி தட்டிரும். நீல டிக்கை அணைச்சு வச்சாலும் அது அவன் கணக்கு முழுசுக்கும் அணையும், குரூப்புக்குப் பொருந்தவும் செய்யாது. ரெண்டு, மூணு நாள்ல பிடிச்சிருவாய்ங்க.

பாலரெங்காபுரம்_அக்கா: எதுக்கு இவ்வளவு சுத்து? கூகுளோட ஃபேமிலி லிங்க் ஆப்பு போடுங்க, எல்லாம் தெரியும். பெத்தவங்களுக்கு இல்லாத உரிமையா?

செல்லூர்_சர்வீஸ்: பாதி சரிக்கா. எந்த ஆப்புல எத்தனை மணி நேரம் இருந்தான், ஃபோன் எங்க இருக்குன்னு அதுல தெரியும். ராத்திரி இத்தனை மணிக்கு மேல ஃபோனைப் பூட்டவும் செய்யலாம். மெசேஜ் ஒண்ணுகூடத் தெரியாது. இன்ஸ்டா மேற்பார்வையும் அப்படித்தான், கடந்த ஏழு நாள்ல யாரோட பேசுனான்னு காட்டும், என்ன பேசுனான்னு காட்டாது. பதினஞ்சு வயசுக்காரன் கணக்குல ஃபேமிலி லிங்க் சேக்க அவனே சம்மதிக்கணும். திருட்டுத்தனமா ஏத்துற வழி இல்ல.

மேலூர்_மாமா: ஃபோன் மாத்தும்போது எனக்கும் பழைய அரட்டை எல்லாம் போயிருச்சு தம்பி. எப்படி எடுக்குறது?

கே_புதூர்_டீச்சர்: மாமா, அது பேக்கப் சமாச்சாரம், தனியாக் கேளுங்க.

திருமங்கலத்து அண்ணாச்சி, பிடிபட்ட அடுத்த நாள் என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? பையன் 24 மணி நேரத்துல மறையுற மெசேஜை ஆன் பண்ணுவான், முக்கியமான அரட்டையை ரகசியக் குறியீடு போட்டு ஒளிச்சு வைப்பான், இல்லாட்டி வேற ஆப்புக்கு ஓடிருவான். உங்களுக்கு மிஞ்சுறது "ஹோம்வொர்க் என்னடா?"தான். எவனாவது அவன் படத்தை வச்சு மிரட்டிக் காசு கேட்டா அப்ப அவன் உங்ககிட்ட வரணும். மிரட்டுனவன் பேர், நம்பர், அரட்டை எல்லாம் ஸ்க்ரீன்ஷாட்டா வேணும். பயந்துபோய் அழிச்சிட்டான்னா புகார்ல காட்ட ஒண்ணுமிருக்காது. ஒட்டுக்கேட்ட அப்பன்கிட்ட எந்தப் பிள்ளை அதைக் கொண்டுவந்து காட்டும்?

பாலரெங்காபுரம்_அக்கா: டீச்சர், வந்து சொல்லுற பிள்ளைக்குத்தான் நீங்க சொல்றது சரி. சொல்லாத பிள்ளைதானே மாட்டிக்குது? ராத்திரி தூங்காம, சோறு இறங்காம, தெரியாதவன் காசு போட்டுவிடுறான்னா நானா இருந்தா ஃபோனைப் பிடுங்கிப் பாத்துருவேன்.

கே_புதூர்_டீச்சர்: அந்த நிலைமைல நானும் பாக்கச் சொல்லுவேன், மறுக்கல. ஆனா அவன் கண்ணு முன்னாடி, "இன்ன காரணத்துக்காகப் பாக்குறேன்"னு சொல்லிட்டு, அந்த ஒரு அரட்டையை மட்டும். அந்த ஃபோன்ல மத்த பிள்ளைக எழுதுனதும் கிடக்கு. ஒரு பொண்ணு தன் வீட்டுச் சண்டையை அவனை நம்பிச் சொல்லியிருக்கும். அதைப் படிக்க நமக்கு என்ன உரிமை? மிரட்டல்தான்னா காசு அனுப்பாதீங்க, குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்க, cybercrime.gov.in-ல புகார் போடுங்க.

திருமங்கலம்_அப்பா: அதெல்லாம் ஒண்ணும் தெரியல டீச்சர். தூக்கம் மட்டும்தான் கெடுது. யூடியூப்ல ஒருத்தர் சொன்ன ஆப்பு ஏத்தலாமான்னு...

செல்லூர்_சர்வீஸ்: அண்ணே, அதை மட்டும் ஏத்திராதீங்க. ஏத்தணும்னா முதல்ல கெட்ட ஆப்பைத் தடுக்குற ப்ளே ப்ரொடெக்டை அணைக்கச் சொல்லும், பெறகு ஆக்சஸிபிலிட்டி அனுமதி கேக்கும். குடுத்தா அரட்டையோட நிக்காது, திரையில வர்ற ஓ.டி.பி வரைக்கும் படிக்கும், எல்லாம் முகம் தெரியாதவன் சர்வருக்குப் போகும். தூக்கம்தான் பிரச்சனைன்னா பத்தரைக்கு மேல சார்ஜரை ஹால்ல வைங்க. உங்க ஃபோனையும் சேத்து.

பாலரெங்காபுரம்_அக்கா: பழைய ஃபோன் ஒண்ணை பீரோவுல ஒளிச்சு வச்சிருந்தா?

செல்லூர்_சர்வீஸ்: அப்ப லேப்டாப்புல இணைச்சாலும் பிரயோசனம் இல்லக்கா. அந்த ஃபோன்ல வேற நம்பர்ல வேற கணக்கு ஓடும்.

திருமங்கலம்_அப்பா: என் ஃபோனையுமா? பதினோரு மணி வரைக்கும் கடை ஆர்டர் வருமே தம்பி.