தானியங்கிக் கருவியை மாற்றிய பின் பக்கத்தின் சென்றடைவு சரிந்துவிட்டது

மருதமுனையில் எங்கள் குடும்பம் நெய்யும் கைத்தறிச் சாறிகளுக்காக ஒரு முகநூல் பக்கம் நடத்துகிறேன். பதிவொன்று 1,400 பேர் வரை சென்றடைந்து வந்தது. மூன்று வாரங்களுக்கு முன்பு, குறித்த நேரத்தில் பதிவுகளைத் தானாக இடும் கருவியை மாற்றிய மறுநாளிலிருந்து 90ஐத் தாண்டவில்லை.

கருவி முகநூலுடன் இணையப் பயன்படுத்தும் செயலி இன்னும் உருவாக்க நிலையிலேயே இருந்தால், அதன் வழியாக இடும் பதிவுகள் செயலியில் பொறுப்பு வகிப்பவர்களுக்கு மட்டுமே தெரியும் என்பதால், என் கண்ணை நம்பாமல் மச்சானின் தொலைபேசியில் பார்த்தேன்; அங்கும் தெரிகிறது. பக்கத்தின் மீது கட்டுப்பாடு எதுவும் இல்லை. ஆனால் மாலை 6.30க்குக் குறித்த பதிவுகள் நள்ளிரவு 12 மணிக்குத்தான் வெளியாகியிருந்தன. கருவியின் நேர வலயம் UTC என்றிருந்தது. Asia/Colombo என மாற்றியும் எண்ணிக்கை 200 வரைதான் ஏறியது.

எஞ்சியிருப்பது பதிவின் வகை. பழைய கருவி படத்தையே பதிவேற்றியது. புதியது எங்கள் தளத்தின் சுட்டியை மட்டும் இடுவதால், சாறியின் கரை வெட்டுப்பட்ட முன்னோட்டம்தான் தெரிகிறது. கடந்த வெள்ளிக்கிழமை அதே சாறியின் படத்தைக் கையால் இட்டபோது 1,100 பேரை எட்டியது. அவசரத்தில் படம், கைமுறை என இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டதால் எது காரணமென்று பிரித்தறிய முடியவில்லை.

அடுத்து சுட்டியைக் கையால் இட்டுப் பார்ப்பதா, படத்தைக் கருவி வழியாக இட்டுப் பார்ப்பதா, எதை முதலில் சோதித்தால் காரணம் தெளிவாகும்?