மூன்று கொட்டேஷன் வந்தது, ஒன்றோடு ஒன்று ஒப்பிட முடியவில்லை. எப்படிக் கேட்க வேண்டும்?

குறிச்சி_சிஎன்சி
அவசரம். கம்ப்ரசர் வாங்க மூன்று பேருக்கு "30 ஹெச்.பி. கம்ப்ரசர், விலை அனுப்பவும்" என்று ஒரே மெயில் போட்டோம். முதல் ஆள் 6,40,000, வரி தனி, எக்ஸ் ஒர்க்ஸ், அதாவது லாரி நம் செலவு, காற்று நிமிடத்துக்கு 140 கன அடி, அதாவது 140 சி.எஃப்.எம். இரண்டாமவர் 8,90,000, வரி உட்பட எல்லாம் சேர்த்து, காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையரும் உண்டு, 130 சி.எஃப்.எம். மூன்றாமவர் 7,20,000, இங்கே கொண்டுவந்து இறக்கித் தருவார், வரி தனி, டிரையர் வேண்டுமென்றால் 95,000 கூடுதல், 125 சி.எஃப்.எம். திங்கட்கிழமை முதலாளி முடிவு கேட்கிறார். மறுபடி கேட்பதென்றால் எப்படி எழுதுவது?

ஸ்டோர்ஸ்_மணி
140 கொடுப்பவரை எடுங்கள் சார். விலையும் குறைவு, காற்றும் அதிகம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பாய்லர்_அக்கா
கொஞ்சம் பொறுங்கள். ஸ்க்ரூவா, பிஸ்டனா? எத்தனை பாரில் அந்த சி.எஃப்.எம்.? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும்? இது எதுவுமே இல்லாமல் என்ன சொல்வது?

பழைய_பர்ச்சேஸ்
தம்பி, உங்கள் மெயில் என்கொயரியே அல்ல. ஹெச்.பி. என்பது மோட்டார். உங்களுக்கு வேண்டியது காற்று. ஒரு வரியில் கேட்டால் ஒவ்வொருவரும் தனக்குச் சாதகமானதைத்தான் எழுதுவார்கள். இதை இங்கே பலமுறை சொல்லியாயிற்று, தேடிப் படித்துவிட்டு வந்திருக்கலாம்.

டப்பா_பேக்கிங்
எங்களுக்கும் இதே தொல்லை. அட்டைப்பெட்டிக்கு ஒருவர் கிலோவுக்கு விலை சொன்னார், ஒருவர் பெட்டிக்கு. தாளின் ஜி.எஸ்.எம்., எத்தனை பிளை, பர்ஸ்டிங் ஸ்ட்ரென்த் மூன்றையும் நாங்களே எழுதிக் கொடுத்து, பெட்டிக்கு மட்டும் விலை கேட்டோம். அப்புறம்தான் தெளிந்தது. உங்கள் பெட்டியின் அளவு என்ன?

குறிச்சி_சிஎன்சி
பெட்டி இல்லை சார், கம்ப்ரசர். அக்கா, முதல் ஆள் பிஸ்டன், மற்ற இருவரும் ஸ்க்ரூ. முதல் இருவர் 7 பார், மூன்றாமவர் 8 பார். இரண்டு ஷிப்ட், மொத்தம் 16 மணி நேரம். மெஷினுக்கு 6 பார் போதும். வரி கிரெடிட் எடுக்கிறோம்.

பாய்லர்_அக்கா
இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். முதல் ஆளின் தாளில் 140-க்குப் பக்கத்தில் "டிஸ்ப்ளேஸ்மென்ட்" என்று இருக்கிறதா பாருங்கள். பிஸ்டன்காரர்கள் பெரும்பாலும் அதைத்தான் போடுவார்கள். அது சிலிண்டரின் கொள்ளளவை வைத்துப் போட்ட கணக்கு. குழாயில் உண்மையில் வருவது அதில் முக்கால் பங்கு, சில மெஷினில் அதற்கும் கீழே. அப்படிப் பார்த்தால் 105 சி.எஃப்.எம். மற்ற இருவரும் சொல்வது எஃப்.ஏ.டி., அதாவது உண்மையில் வெளியே வரும் காற்று, என்றால், ஒப்பிட வேண்டியது 105-ஐயும் 130-ஐயும்.

விலையைப் பாருங்கள். வரி கிரெடிட் எடுப்பதால் எல்லாவற்றையும் வரி இல்லாமல் வைப்போம். 8,90,000-ஐ 1.18-ஆல் வகுத்தால் 7,54,000 சொச்சம். மூன்றாமவர் டிரையரோடு 8,15,000. முதல் ஆளுக்கும் அதே டிரையர் விலையைச் சேர்த்தால் 7,35,000, லாரி வாடகை அதற்கு மேல். முதல் இருவருக்கும் இடையே கண்ணுக்குத் தெரிந்த இரண்டரை லட்சம் வித்தியாசம் இருபதாயிரத்துக்கு வந்துவிட்டது. அதிக விலையாகத் தெரிந்த இரண்டாமவர் மூன்றாமவரைவிடக் குறைவு.

ஸ்டோர்ஸ்_மணி
அப்படியானால் இரண்டாமவரே. முடிந்தது.

பாய்லர்_அக்கா
முடியவில்லை மணி. கரண்ட் பில் இன்னும் வரவே இல்லை. 16 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 4,800 மணி. யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால், ஒரு கிலோவாட் கூடுதலாக இழுக்கும் மெஷின் ஆண்டுக்கு 38,400 ரூபாய் அதிகம் தின்னும். இரண்டே ஆண்டில் இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் உள்ள விலை வித்தியாசம் கரைந்துவிடும். மோட்டார் பிளேட்டில் 22 கிலோவாட் என்று இருந்தால் போதாது. ஃபேன் உட்பட மெயினிலிருந்து முழு லோடில் எவ்வளவு இழுக்கிறது என்று கேளுங்கள்.

மூன்றாமவரின் 125-ஐயும் குறைவு என்று தள்ளாதீர்கள், அது 8 பாரில். அழுத்தம் ஒரு பார் ஏறினால் சுமார் 6, 7 சதவீதம் மின்சாரம் கூடும். அவரையும் 7 பாருக்கே சொல்ல வைத்தால்தான் நியாயம்.

பழைய_பர்ச்சேஸ்
என்கொயரியில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டார், அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். முதல் பத்தியில் தேவை: 7 பாரில் குறைந்தது இத்தனை சி.எஃப்.எம். எஃப்.ஏ.டி., கம்ப்ரசர் சோதனைக்கான ஐ.எஸ்.ஓ. 1217-படி, 40 டிகிரி வெயிலிலும் ஓட வேண்டும், டிரையரும் வேண்டும். ஹெச்.பி. எழுதவே கூடாது, அதை அவர்கள் சொல்லட்டும். பிறகு விலைத்தாளை நீங்களே செய்து அனுப்புங்கள். மெஷின், டிரையர், ஃபில்டர், லாரி, நிறுவுதல், முதல் வருட ஆயில் சர்வீஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. எல்லாம் வரி இல்லாமல், வரிக்குத் தனிக் கட்டம். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது என்று எழுதுங்கள். மெஷின் விலையிலேயே அடக்கமா, தரமாட்டாரா என்பது காலிக் கட்டத்தில் தெரியாது. கடைசியில் சண்டை வருவது அங்கேதான்.

நீங்கள் கேட்டதிலிருந்து விலகுவதெல்லாம் ஒரே தாளில் வர வேண்டும். "இதைவிட நல்ல மாடல் இருக்கிறது" என்பவர் தாராளமாகச் சொல்லட்டும், ஆனால் கேட்டதற்கு விலை போட்ட பிறகு இரண்டாவது தாளில். ஒருவர் கேள்வி கேட்டால் அந்தப் பதில் மூவருக்கும் போக வேண்டும்.

திருப்பூர்_கணக்கு
பேமெண்டை மறந்துவிட்டீர்கள். ஒருவர் முழுப் பணமும் அட்வான்ஸ் கேட்பார், இன்னொருவர் டெலிவரிக்கு அப்புறம் 30 நாள் தருவார். டெலிவரிக்கு 60 நாள் ஆகும் என்றால் இடையே 90 நாள். 8 லட்சத்துக்கு 12 சதவீத வட்டியில் அது 24,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பேமெண்டை நீங்களே எழுதி, எல்லோருக்கும் ஒன்றாக வைத்துவிடுங்கள். அதோடு மார்க் முறையும் போடுங்கள். விலைக்கு 60, தரத்துக்கு 25, சர்வீஸுக்கு 15.

பழைய_பர்ச்சேஸ்
மார்க் வேண்டாம். குறைந்த விலையை வைத்து மற்றவர்களுக்கு மார்க் போடுகிறீர்கள். நடுவில் ஒருவர் மிகக் குறைவாக விலை போட்டு உள்ளே வந்தால், மற்ற இருவரில் யார் முன் என்பதே மாறிவிடும். எல்லாவற்றையும் ஐந்து ஆண்டு ரூபாயாக மாற்றிவிடுங்கள், தீர்ந்தது.

திருப்பூர்_கணக்கு
சர்வீஸ் ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதை எப்படி ரூபாயாக மாற்றுவீர்கள்? சுங்கம் கட்டிய இறக்குமதிப் பாகம் தீர்ந்துபோய் மெஷின் நின்றால்?

பழைய_பர்ச்சேஸ்
அதை மார்க்காக வைக்காதீர்கள், நிபந்தனையாக வையுங்கள். 24 மணி நேரத்தில் வராதவர் பட்டியலிலேயே இல்லை.

திருப்பூர்_கணக்கு
நிபந்தனை என்றால் எல்லோரும் "சரி" என்றுதான் எழுதுவார்கள். எழுதியதற்கும் வருவதற்கும் தூரம் இருக்கிறது. மார்க் வைப்பதானால், கவரைத் திறப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும், அது மட்டும் உறுதி. திறந்த பிறகு போட்டால் பிடித்தவருக்குத்தான் மார்க் விழும்.

ஸ்டோர்ஸ்_மணி
ஒருவர் விலையை இன்னொருவரிடம் சொல்லிக் குறைக்கலாமே?

பாய்லர்_அக்கா
சொன்னால் அடுத்த முறை யாரும் உண்மை விலையை முதலில் போடமாட்டார்கள். குறைக்க வேண்டுமானால், இந்தத் தேதிக்குள் கடைசி விலை தாருங்கள் என்று மூவரிடமும் ஒரே நேரத்தில் கேளுங்கள்.

குறிச்சி_சிஎன்சி
டிஸ்ப்ளேஸ்மென்ட்தான், அக்கா சொன்னது சரி. விலைத்தாள் செய்து மூவருக்கும் அனுப்பினேன், முதலாளி ஒரு வாரம் தந்தார். ஸ்க்ரூ தருபவர்கள் இருவரும் நிரப்பி அனுப்பிவிட்டார்கள். 7 பாரில் முழு லோடில் ஒருவர் 25.1 கிலோவாட், இன்னொருவர் 26.3. பிஸ்டன்காரர் தாளை நிரப்பமாட்டேன், நேரில் பேசலாம் என்கிறார்.

பாய்லர்_அக்கா
இருவரின் சி.எஃப்.எம். எவ்வளவு? அது இல்லாமல் கிலோவாட்டை மட்டும் ஒப்பிட முடியாது, 100 சி.எஃப்.எம்.-க்கு எத்தனை கிலோவாட் என்றுதான் பார்க்க வேண்டும். இந்த அளவு மெஷினுக்கு ஐ.எஸ்.ஓ. 1217-இல் காற்றின் அளவுக்கே 5 சதவீதம் கூடக் குறைய அனுமதி உண்டு. வித்தியாசம் அதற்குள் இருந்தால், அதை வைத்து மட்டும் யாரையும் தள்ளாதீர்கள். சோதனைச் சான்றிதழ் தருவார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.