வரவேற்புக் குரலிலேயே போனை வைத்துவிடுகிறார்கள்: தொடக்க மௌனத்தை வெட்டலாமா?

பட்டர்வொர்த்_செல்வி: பினாங்கில் ஏர்கோன் சர்வீஸ் கம்பெனி. கூப்பிடுகிறவர்கள் பலர் மெனு முடியும் முன்பே வைத்துவிடுகிறார்கள். ஒலிப்பதிவின் தொடக்கத்தில் இருக்கும் மௌனத்தை வெட்டச் சொல்கிறார் முதலாளி. வெட்டினால் சரியாகுமா? ஆஸ்டெரிஸ்க் போன் மென்பொருள்தான் ஓடுகிறது.

கேஎல்_ரவி: சுத்தமாக வெட்டுங்கள். மௌனம் கேட்டால் லைன் போய்விட்டது என்று நினைப்பார்கள். எடுத்த அடுத்த நொடியே குரல் வர வேண்டும்.

லைன்_மணியம்: ரவி சொல்வது பாதி சரி. மூன்று நொடி மௌனம் ஆளை விரட்டும்தான், ஆனால் ஒன்றுமே இல்லாவிட்டால் முதல் அசை போய்விடும், ஏனென்றால் அழைப்பு இணைந்ததாகச் சேதி போகிற அதே கணத்தில் ஒலி வரும் வழி திறந்துவிடுவதில்லை, கைப்பேசியில் இது அடிக்கடி நடக்கும். "செலாமாட் டாத்தாங்" என்பது "...மாட் டாத்தாங்" ஆகும். கம்பெனி பெயரே முதல் சொல்லாக இருந்தால் தவறான எண் என்று வைத்துவிடுவார்கள். ஒரு நொடி விடுங்கள், அதையும் ஒலிக்கோப்பில் வைக்காமல் இங்கே வையுங்கள்:

```
exten => s,1,Answer()
 same => n,Wait(1)
 same => n,Background(greet)
 same => n,WaitExten(5)
```

Playback போட்டிருந்தால் மாற்றுங்கள். Background என்றால் பழகியவர்கள் குரல் ஓடும்போதே எண்ணை அழுத்திக்கொண்டு போய்விடலாம்.

ஆனால் முதலில் எந்த நொடியில் வைக்கிறார்கள் என்று பாருங்கள் செல்வி. அழைப்புப் பதிவில் `billsec` என்பது எடுத்ததிலிருந்து எண்ணுவது. மெனுவிலேயே அறுந்த அழைப்புகளை மட்டும் பிரித்து, அந்த நொடியில் ஒலிப்பதிவு என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்று கேளுங்கள்.

பட்டர்வொர்த்_செல்வி: பார்த்தேன். 2 நொடியில் வைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். 14க்கும் 19க்கும் நடுவில்தான் கூட்டம். அங்கே வாரண்டி விளம்பரம், அது முடிந்து "இந்த உரையாடல் பதிவு செய்யப்படும்". மொழித் தேர்வு 21இல்தான் ஆரம்பிக்கிறது!

லைன்_மணியம்: அப்படியானால் மௌனத்தை வெட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. விளம்பரத்தைத் தூக்குங்கள். பெயர், உடனே மொழி. அப்புறம் காரியத்தை முதலில் சொல்லி எண்ணைப் பின்னால் சொல்லுங்கள்: "பழுது புகாருக்கு, 3". எண் முன்னால் வந்தால், அது தனக்கானது என்று தெரிவதற்குள் எண் மறந்துபோகும்.

ஜெலுத்தோங்_கலா: தமிழ் எப்போதும் நாலாவதுதான் வருகிறது. என் அம்மா மலாய், ஆங்கிலம், சீனம் எல்லாம் கேட்டு முடிப்பதற்குள் வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறார். தமிழுக்குத் தனி எண் கொடுக்கக் கூடாதா?

லைன்_மணியம்: தனி எண் சின்னக் கம்பெனிக்குக் கட்டாது அக்கா. அழைக்கும் எண்ணை வைத்துப் போன முறை எந்த மொழி என்று சேமித்துக்கொள்ளலாம், அடுத்த முறை நேரே தமிழில் பேசும்.

ஜெலுத்தோங்_கலா: எங்கள் வீட்டில் ஒரே போன். மருமகள் ஆங்கிலம் அழுத்தினால் மறுநாள் அம்மாவுக்கு ஆங்கிலம்தானே வரும்?

லைன்_மணியம்: வரும். மாற்றிக்கொள்ள ஒரு எண் வைக்கலாம், ஆனால் அந்த வரியைத் தமிழில் சொல்ல வேண்டும்.

கேஎல்_ரவி: விளம்பரம் போகட்டும். பதிவு அறிவிப்பை முன்னாலிருந்து எடுக்காதீர்கள், நாளைக்குப் புகார் வந்தால் யார் பதில் சொல்வது?

லைன்_மணியம்: மெனுவில் எதையும் பதிவு செய்வதில்லையே. ஆள் பேசும்போதுதான் பதிவு தொடங்குகிறது, அதற்கு முன்னால் சொன்னால் போதும். அவரவர் தேர்ந்தெடுத்த மொழியிலும் கேட்பார்கள்.

கேஎல்_ரவி: எனக்கு ஒப்பவில்லை. செல்வி, உங்கள் வக்கீலைக் கேட்காமல் நகர்த்தாதீர்கள்.

பட்டர்வொர்த்_செல்வி: சரி, இந்த வாரம் விளம்பரத்தை மட்டும் எடுக்கிறேன். 14இல் வைக்கிறவர்கள் குறைகிறார்களா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.