அழுத்தம் சரியான சொல்லில் விழக் குறிப்பை எப்படி எழுதுவது?

மொரீசியஸ், ரோஸ் ஹில்லிலிருந்து எழுதுகிறேன். எட்டு நிமிட ஒலி நாடகம். மூன்று வாரத்தில் மூன்று முறை பதிவு செய்தும் ஒரு வரி மட்டும் வரவில்லை: "அம்மா கதவைப் பூட்டவில்லை." பூட்டியது வேறு யாரோ என்பதுதான் பொருள், அழுத்தம் "அம்மா"வில் விழ வேண்டும். குரல் கொடுக்கும் அக்கா வீட்டில் கிரியோல் பேசுபவர். அவருக்கு வரியின் கடைசிச் சொல்லில்தான் குரல் தானாக ஏறுகிறது. கேட்டால் கதவு திறந்து கிடப்பதுபோல் இருக்கிறது.

"(கோபமாக)" என்று எழுதினேன். வரி முழுக்கச் சத்தமானது. "அம்மா"வுக்கு அடிக்கோடு போட்டேன். அது உயர்ந்தது, ஆனால் "பூட்டவில்லை" இறங்கவில்லை. "மெதுவாக" என்றதும் எல்லாச் சொல்லும் இழுபட்டது. அப்புறம் "அண்ணன்மேல் சந்தேகம், காட்டிக்கொள்ளாமல் பேசு" என்று எழுதினேன். தொனி அப்படியே வந்துவிட்டது! அழுத்தம்தான் நகரவில்லை. நானே பேசி அனுப்பினால் என் குரலையே நகலெடுக்கிறார். வரியையும் மாற்ற முடியாது. கடைசிக் காட்சியில் இதே வரி வேறு அழுத்தத்தோடு திரும்ப வருகிறது.

சனிக்கிழமை இறுதிப் பதிவு. முதல் சொல் எழும்பி, கடைசிச் சொல் தணிந்து வர நீங்கள் பிரதியில் குறிப்பை எப்படி எழுதுவீர்கள்?