[கலைச்சொல்] எர்காட்டமைன் துண்டறிக்கை: குழாய் சுருங்குகிறதா, இறுகுகிறதா?

கயல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் எர்காட்டமைன்-காஃபீன் மாத்திரையின் துண்டறிக்கையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழன் மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். எல்லாம் முடிந்தது, ஒரே இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டேன். மூலத்தில் வாஸோகன்ஸ்ட்ரிக்‌ஷன், வாஸோஸ்பாசம் என்று இரண்டு சொற்கள் வருகின்றன. என்னிடம் இருக்கும் சொல்தொகுப்பில் இரண்டுக்குமே "இரத்தக்குழாய்ச் சுருக்கம்" என்றுதான் போட்டிருக்கிறது. அப்படியே எழுதினால் முதல் பக்கத்தில் "இம்மருந்து இரத்தக்குழாய்ச் சுருக்கத்தை உண்டாக்கி வலியைக் குறைக்கிறது" என்று வரும். மூன்றாம் பக்கத்தில் "இரத்தக்குழாய்ச் சுருக்கம் ஏற்பட்டால் மருந்தை உடனே நிறுத்தவும்" என்று வரும். படிப்பவர் எதைக் கேட்பார்?

சேகர் எழுதியது:

இதில் என்ன குழப்பம்? இரண்டும் ஒன்றுதான், அளவுதான் வேறு. முதலில் "சுருக்கம்", பிறகு "மிகைச் சுருக்கம்". அளவை மீறினால் ஆபத்து என்று எழுதிவிட்டால் போதும். தவிர, இந்த மாத்திரையை இன்று யார் போடுகிறார்கள்? டிரிப்டான்கள் வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அவையும் குழாயைச் சுருக்குகிறவைதான். இது கேட்கவில்லை என்றால் இரண்டு மணி நேரம் கழித்து அதைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நளினி எழுதியது:

சேகர், கடைசி வரியை யாரும் நம்பிவிட வேண்டாம். எர்காட்டமைன் சாப்பிட்டவர் 24 மணி நேரத்துக்கு டிரிப்டானைத் தொடக் கூடாது. டிரிப்டான் போட்ட பிறகு இதைத் தொடுவதும் அப்படித்தான். இரத்தத்தில் எர்காட்டமைனின் அளவு இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும், அது சரி. ஆனால் குழாய்ச் சுவரைப் பிடித்த பிடியை அது லேசில் விடாது. இரத்தத்தில் மருந்து தேடினால் கிடைக்காத நேரத்திலும் குழாய் குறுகியே இருக்கும். அதன் மேல் இன்னொரு குறுக்கியை ஏற்றினால் இதயத்துக்குப் போகும் குழாயும் சேர்ந்து நெருக்கப்படலாம்.

"அளவை மீறினால்" என்பதும் பாதிதான் உண்மை. பயிற்சி மாணவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஒரே ஆளுடையது அல்ல, பலருக்கு நடந்ததைச் சேர்த்துக் கட்டியது.

முப்பத்தெட்டு வயதுப் பெண். தலைவலி தொடங்கினால் 1 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, தேவைப்பட்டால் இன்னொன்று. பல வருடமாக இதுதான் பழக்கம், ஒரு தொல்லையும் இல்லை. ஒருமுறை தொண்டைத் தொற்றுக்கு வேறொரு மருத்துவர் கிளாரித்ரோமைசின் எழுதிக் கொடுக்கிறார். "வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா" என்று கேட்கிறார். தலைவலி மாத்திரை தினமும் சாப்பிடுவது இல்லையே, அதனால் "இல்லை" என்கிறார் இவர். மூன்றாம் நாள் தலைவலி வருகிறது. வழக்கம்போல இரண்டு, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று. இரவில் விரல்கள் மரத்துப்போகின்றன. இரண்டு பாதமும் வெளுத்துச் சில்லிட்டுவிடுகின்றன. எழுந்து பத்தடி நடந்தால் கெண்டைக்காலில் வலி. காலையில் மணிக்கட்டில் நாடி பிடித்தால் இரண்டு கையிலும் தேட வேண்டியிருக்கிறது.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்பதுதான் துப்பு. இரத்தம் உறைந்து அடைத்திருந்தால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் கெடும். சாப்பிட்ட மருந்தையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு மருந்தையும் நிறுத்தி, குழாயைத் தளர்த்தும் மருந்தை ஏற்றித்தான் கால்களைக் காப்பாற்றினார்கள்.

அவர் சாப்பிட்டது 3 மில்லிகிராம். ஒரு தலைவலிக்கு உச்சவரம்பு 6, வாரத்துக்கு 10. வரம்பில் பாதிதான்! நடந்தது இதுதான்: வாயால் சாப்பிடும் எர்காட்டமைனில் பெரும்பகுதியைக் கல்லீரலில் உள்ள சைப் 3ஏ4 என்ற நொதி முதல் சுற்றிலேயே அழித்துவிடுகிறது. நூற்றில் ஐந்து பங்குகூட உடம்புக்குள் போவதில்லை. கிளாரித்ரோமைசின் அந்த நொதியை முடக்கிவிடும். கணக்குக்காக, ஐந்து பங்கு இருபதாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாத்திரை பன்னிரண்டு மாத்திரையின் வேலையைச் செய்யும். எரித்ரோமைசின், கீட்டோகோனசோல், இட்ராகோனசோல், எச்.ஐ.வி.க்கான ரிட்டோனவிர் எல்லாம் இதே வேலையைச் செய்பவை. எனவே கயல், மூன்றாம் பக்கச் சொல் "மிகை" என்று தொடங்கவே கூடாது. அளவோடு சாப்பிட்டவர் "நமக்கில்லை" என்று புரட்டிவிடுவார்.

மாறன் எழுதியது:

அம்மா சொன்னதில் விடை இருக்கிறது. "சுருங்கு" தன்வினை, "சுருக்கு" பிறவினை. "இறுகு", "இறுக்கு" என்பவையும் அப்படியே. மருந்து குழலைச் சுருக்குகிறது. அது மருந்தின் செயல். பிறகு குழல் தானே இறுகி, விட மறுக்கிறது. அது குழலின் செயல். ஆகவே முன்னதற்குக் குழற்சுருக்கம், பின்னதற்குக் குழலிறுகல். ஈற்றில் "-அல்" வருவதால் தொழில் தொடர்வதும் விளங்கும்.

"இரத்தம்" எதற்கு? "குருதி" இருக்கிறதே. குறுந்தொகையின் முதல் பாட்டிலேயே காந்தளைக் குருதிப்பூ என்கிறார்கள். "தமனி"யும் வேண்டாம், வடமொழி. "ஒற்றைத் தலைவலி" என்பதையும் நான் ஏற்பதில்லை. தலை என்ன இரட்டையா? "ஒருபுடை வலி" என்று இருக்க வேண்டும்.

சேகர் எழுதியது:

"ஒருதலை வலி" என்றே வையுங்கள் ஐயா, காதலில் தோற்றவர்களுக்கும் பயன்படும்.

"மிகை"யைத் திரும்பப் பெறுகிறேன். 24 மணி நேர விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் குழலிறுகல் என்றால் புல்லாங்குழலுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார்கள். நோயாளிக்குத் தெரிந்தது "இரத்தக்குழாய்".

வசந்தா எழுதியது:

இந்தக் குழுவில் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இந்த மாத்திரை பற்றிப் பேசுவதால் எழுதுகிறேன். நான் இதை ஆறு வருடம் சாப்பிட்டேன். முதலில் மாதம் இரண்டு முறை. அப்புறம் வாரம் இரண்டு. கடைசியில் காலையில் எழும்போதே வலி இருக்கும், மாத்திரை போட்டால்தான் வேலைக்குக் கிளம்ப முடியும். குமட்டல் வேறு, அதற்குத் தனி மாத்திரை. பிறகு ஒரு மருத்துவர் அடியோடு நிறுத்தச் சொன்னார். முதல் வாரம் நரகம். அதற்கப்புறம் வலி பழையபடி மாதம் இரண்டாகக் குறைந்தது. நீங்கள் தேடுவது இதற்கான பெயர்தானே? நாங்கள் வீட்டில் "மாத்திரைத் தலைவலி" என்போம்.

நளினி எழுதியது:

வசந்தா அம்மா, கயல் கேட்டது வேறு. ஆனால் நீங்கள் சொன்னதும் இதே துண்டறிக்கையில் இருக்க வேண்டியதுதான். மாதத்தில் பத்து நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எர்காட்டமைன் சாப்பிட்டால் மருந்தே தலைவலியைத் தங்கவைத்துவிடும். டிரிப்டான்களுக்கும் அதே பத்து நாள் கணக்கு. "மாத்திரைத் தலைவலி" அருமையான சொல், கயல் எடுத்துக்கொள்ளட்டும்.

குமட்டலுக்கும் காரணம் உண்டு. எர்காட்டமைன் ஒரே ஒரு பூட்டுக்கான சாவி அல்ல. செரட்டோனின், அட்ரீனலின், டோபமின் என்று எல்லாவற்றின் ஏற்பிகளிலும் போய் நுழையும். வலிக்கு உதவுவது ஒன்றிரண்டு ஏற்பிதான், மற்றவை தொல்லை. வாந்தியைத் தூண்டுவது டோபமின் பக்கம். டிரிப்டான்கள் அந்த ஒன்றிரண்டைக் குறிவைத்துச் செய்யப்பட்டவை. அதனால்தான் பழையது பின்னுக்குப் போனது. அப்படியும் சிலருக்கு, நாள்கணக்கில் நீளும் வலியோ, டிரிப்டான் கேட்டும் மறுபடி மறுபடி திரும்பி வரும் வலியோ இருந்தால், இன்றும் எழுதுகிறார்கள். அந்த விடாப்பிடிதான் அங்கே உதவுகிறது. கர்ப்பிணிகளுக்கும், இதய நோய், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், கைகால் குழாய்களில் கோளாறு உள்ளவர்களுக்கும் எப்போதும் கிடையாது.

மாறன் எழுதியது:

ஒரு சிறு குறிப்பு. "எர்காட்" என்பதே பிரெஞ்சில் சேவலின் கால்முள். கம்பு போன்ற ரை என்ற தானியத்தின் கதிரில் மணிக்குப் பதிலாக அந்தப் பூஞ்சை கருநீல முள்ளாக நீட்டிக்கொண்டிருக்குமாம். ஆகவே எர்காட்டைக் கதிர்முள் எனலாம். எர்காட்டமைன் கதிர்முள்ளியம். இடைக்கால ஐரோப்பாவில் இந்தக் கதிரை அரைத்துத் தின்றவர்களுக்குக் கைகால் கருகி விழுந்ததாகவும், அதைப் புனித அந்தோணியாரின் நெருப்பு என்றதாகவும் படித்திருக்கிறேன். அப்படியானால் "கதிர்முள் நோய்" என்ற ஒரு சொல்லே கயலின் மூன்றாம் பக்கத்துக்குப் போதுமே?

நளினி எழுதியது:

வரலாறு சரிதான் ஐயா. அவர்கள் தின்றது பூஞ்சையில் இருந்த பல நஞ்சுகளின் கலவை. அதிலிருந்து எர்காட்டமைனைத் தனியே பிரித்தது 1918இல், ஆர்தர் ஸ்டோல். நோயின் பெயராகக் "கதிர்முள் நோய்" எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் துண்டறிக்கையில் மருந்தின் பெயரை மாற்றாதீர்கள். பெட்டியில் எர்காட்டமைன் என்று இருக்கும். அறிக்கையில் கதிர்முள்ளியம் என்று இருந்தால் இரண்டு மருந்து என்று நினைப்பார்கள்.

சொல்லுக்கு என் வாக்கு "இரத்தக்குழாய்ப் பிடிப்பு". கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது எல்லோருக்கும் தெரியும். இங்கே நடப்பதும் அதுதான். குழாய்ச் சுவரில் உள்ள தசை பிடித்துக்கொள்கிறது.

சேகர் எழுதியது:

பிடிப்பு என்றால் ஒத்தடம் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். பயம் வர வேண்டிய இடத்தில் பழகிய சொல் ஆபத்து. "இறுக்கம்" வையுங்கள்.

நளினி எழுதியது:

அது நியாயமான அச்சம். தைலம் தேய்த்துக்கொண்டு ஒரு நாளைக் கடத்தியவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் "இறுக்கம்" என்றதும் பலருக்கு மனசுதான் நினைவுக்கு வரும்.

கயல் எழுதியது:

மணி பத்தாகிவிட்டது, நாளைதான் வியாழன். எண்ணிப் பார்த்தேன்: தனியாக எழுதியவர்களையும் சேர்த்து "இறுக்கம்" ஐந்து, "பிடிப்பு" மூன்று, "குழலிறுகல்" ஒன்று. முதல் பக்கத்தில் பெயர்ச்சொல்லையே எடுத்துவிட்டு "குழாய்களைக் குறுகச் செய்கிறது" என்று வினையாக்கிவிட்டேன், அதனால் மோதல் பாதி தீர்ந்தது. மூன்றாம் பக்கம் இப்படி:

"கை, கால் விரல்கள் மரத்துப்போனால், சில்லிட்டு வெளுத்தால், நடக்கும்போது கெண்டைக்கால் வலித்தால் அது இரத்தக்குழாய் இறுக்கமாக இருக்கலாம். சொன்ன அளவில்தான் சாப்பிட்டீர்கள் என்றாலும் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வலி வரும்போது மட்டும் சாப்பிடுவதாக இருந்தாலும், வேறு எந்த மருந்து வாங்கும்போதும் இதைச் சொல்லுங்கள்."

"மாத்திரைத் தலைவலி"யைத் தனிப் பத்தியாகச் சேர்த்துவிட்டேன். நன்றி வசந்தா அம்மா.

நளினி எழுதியது:

அறிகுறிகளை முன்னால் வைத்தது நல்லது. நெஞ்சு வலியையும் அந்த வரிசையில் சேர்த்துவிடுங்கள், விட்டுப்போயிருக்கிறது. சொல்லைப் பொறுத்தவரை என் வாக்கு இன்னும் பிடிப்புக்குத்தான்.

மாறன் எழுதியது:

"குழாய்" தனித்தமிழ்தான், மறுக்கவில்லை. "இரத்த" மட்டும் உறுத்துகிறது. அடுத்த பதிப்பில் "குருதி" என்று மாற்ற இடமிருக்குமா, கயல்?

கயல் எழுதியது:

நெஞ்சு வலியைச் சேர்த்து அனுப்பிவிட்டேன் ஐயா. அடுத்த பதிப்பு வந்தால் பார்க்கலாம்.